ஒற்றைக் கண்ணீர்த்துளி: அண்மைக் காட்சியில் அடக்கிய அழுகையின் வரலாறு

திரைப்படத்தில் ஒருவரின் முகத்தை மிக அருகில் காட்டி, காட்சியை வெட்டாமல் நிறுத்திவைத்து, ஒரு கண்ணிலிருந்து ஒரே ஒரு துளி கன்னத்தில் மெல்ல இறங்குவதைப் பார்வையாளர் காணச் செய்வது ஒரு பழைய முறையாகும். இதில் நடிகர் விம்முவதில்லை, உதட்டைப் பிதுக்குவதில்லை, கையால் முகத்தை மூடுவதும் இல்லை. முகம் அசையாமல் இருக்க, துளி மட்டும் அசைகிறது. மேடை நாடகத்தில் இதற்கு இடமில்லை. பத்தாவது வரிசையில் இருப்பவருக்குக் கூடக் கன்னத்தில் வழியும் துளி தெரியாது. ஆகவே மேடை நடிகர் அழுகையைத் தோளாலும் குரலாலும் கையாலும் காட்டினார். திரைப்படக் கருவி முகத்தருகே வந்த பிறகே அடக்கிய அழுகைக்கு மதிப்பு வந்தது.

இந்த முறையின் வரலாற்றை மூன்று முகங்களைக் கொண்டு சொல்லலாம். முதலாவது, 1928-இல் வெளியான 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் பிரெஞ்சு மௌனப் படத்தில் ரெனே ஃபால்கொனெட்டியின் முகம். இரண்டாவது, 1971-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பொதுநல விளம்பரத்தில் தோன்றிய முகம். மூன்றாவது, 1990-இல் வந்த ஒரு பாடல் ஒளிப்படத்தில் அயர்லாந்துப் பாடகி சினேட் ஓகானரின் முகம். மூன்றிலும் துளி ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகிறது. ஆனால் அது வந்த வழி மூன்றிலும் வேறு.

கண்ணின் கணக்கு

துளி எப்படி உருவாகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கண்ணீர்ச் சுரப்பி கண்ணின் மேற்புறத்தில், காதுப் பக்கமாக உள்ளது. அங்கே ஊறும் நீர் கண்ணின் மேல் பரவி, மூக்கோரம் உள்ள உள் மூலைக்கு வருகிறது. அங்கே மேல் இமையிலும் கீழ் இமையிலும் குண்டூசி முனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. அந்தத் துளைகளின் வழியே நீர் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைகள் ஒரு சிறு பம்பு போல வேலை செய்து நீரை அந்தத் துளைகளுக்குள் தள்ளுகின்றன.

சாதாரண வேளையில் ஒரு கண்ணில் இருக்கும் நீர் 7 முதல் 10 மைக்ரோலிட்டர் வரைதான். இமை வழியாமல் தாங்கக்கூடிய அளவு சுமார் 30 மைக்ரோலிட்டர். மருந்துப் புட்டியிலிருந்து கண்ணில் விடும் ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் இருப்பதால், அதில் ஒரு பகுதி எப்போதும் வெளியே வழிந்துவிடுகிறது. எனவே ஒரு துளி கன்னத்தில் இறங்க வேண்டுமானால் கண்ணில் நீர் வழக்கத்தைப் போல மூன்று, நான்கு மடங்காக உயர வேண்டும். அதே நேரத்தில் அது மூக்குப் பக்கம் வடிந்துபோகாமலும் இருக்க வேண்டும்.

உரக்க அழுபவரின் கண்ணிலிருந்து ஏன் ஒற்றைத் துளி வருவதில்லை என்பது இப்போது புரியும். விம்மும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன; இமைகள் அடிக்கடி மூடித் திறக்கின்றன. நீர் பல இடங்களில் கசிந்து கன்னம் முழுவதும் நனைகிறது. முகம் சிவக்கிறது. மாறாக, அழுகை வந்தும் அதை அடக்குபவர் இமைக்காமல் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீர் கீழ் இமையின் விளிம்பில் வரப்பு கட்டிய வயல்நீர் போலத் தேங்கும். விளிம்பு பளபளக்கும். பிறகு தானாக ஓர் இமைப்பு வரும்போது, தேங்கிய நீர் ஒன்றாகத் திரண்டு கீழே உருளும். தலை சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அல்லது ஒரு கண்ணில் நீர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், அந்தக் கண்ணின் துளி முந்திக்கொள்ளும். அடக்குவதே துளியை உருவாக்குகிறது; அழ முயல்வது அதைக் கலைத்துவிடுகிறது.

இதில் அளவும் முக்கியம். சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முகம் 5 மீட்டர் உயரத் திரையை நிரப்பினால், அது 25 மடங்கு பெரிதாகிறது. 4 மில்லிமீட்டர் துளி திரையில் 10 சென்டிமீட்டர் ஆகிறது. உதட்டோரத்தின் மிகச் சிறிய துடிப்பும் அதே அளவு பெரிதாகிறது. ஆகவே மேடையில் போதாததாக இருந்த அசைவு அண்மைக் காட்சியில் மிகையாகிவிடுகிறது.

அரிதாரமும் படச்சுருளும்

தொடக்ககால மௌனப் படங்களில் இப்படி ஒரு துளியைத் தெளிவாகப் பதிவதற்குத் தடையாக இருந்தது படச்சுருளே. அன்று வழக்கில் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள் நீலத்தையும் பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. மனிதத் தோலின் சிவந்த பகுதிகள் அதில் கறுத்துத் தெரிந்தன. கன்னத்தின் இயல்பான செம்மை கூடத் திட்டுத்திட்டாகக் கறை போல விழுந்தது. அதை மறைக்க நடிகர்கள் முகம் முழுவதும் கனத்த அரிதாரம் பூசினார்கள். எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் பூச்சின் மேல் விழும் கண்ணீர், தோலில் ஓடுவது போல ஓடாது. பூச்சைக் கரைத்துத் தடம் ஏற்படுத்தும்.

எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் 1920-களின் நடுப்பகுதியில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் தோல் தோலாகவே தெரிந்தது. மச்சமும் சுருக்கமும் வியர்வையும் உதட்டு வெடிப்பும் பதிவாயின. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்தச் சுருளுக்கு ஏற்பப் புதிய அரிதாரத்தைத் தேடினார்கள். ஒருவர் மட்டும் அரிதாரத்தையே விட்டுவிடத் துணிந்தார். அவர் டென்மார்க்கைச் சேர்ந்த இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர்.

ஜோனின் முகம்

இங்கிலாந்துப் படைகளுக்கு எதிராகப் பிரான்சுக்காகப் போரிட்ட விவசாயப் பெண் ஜோன், 1431 மே 30 அன்று ரூவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது சுமார் 19. கத்தோலிக்கத் திருச்சபை 1920-இல் அவளைப் புனிதையாக அறிவித்தது. அவளை விசாரித்த நீதிமன்றத்தின் கேள்வி பதில்கள் எழுத்து ஆவணமாக எஞ்சியுள்ளன. டிரையர் தம் படத்துக்குப் போர்க்களத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விசாரணை ஆவணத்தையே அடிப்படையாகக் கொண்டார். மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளில் நடப்பது போலச் சுருக்கினார்.

ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டி 1892-இல் பிறந்தவர். பாரிஸ் மேடையில் புகழ்பெற்ற நடிகை. டிரையர் அவரைப் பார்த்தது ஒரு இலகுவான நாடகத்தில். அவரைச் சந்தித்து, அரிதாரம் இல்லாமல் சோதனைப் படம் எடுக்கச் சம்மதம் கேட்டார். அரிதாரம் நீங்கிய முகத்தில் தாம் தேடிய எளிய நாட்டுப்புறப் பெண்ணைக் கண்டதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். படத்தில் நடித்த நீதிபதிகள், துறவிகள் எவருக்கும் அரிதாரம் இல்லை. ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே பான்குரோமாட்டிக் சுருளில் படம் எடுத்தார்.

படப்பிடிப்பு 1927-இல் நடந்தது. கோட்டையும் நீதிமன்றமுமாகப் பெரும் செலவில் ஓர் அரங்கம் கட்டப்பட்டது. அதன் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். திரையில் அது வெண்மையாகக் கண்ணைக் கூசாமல் மெல்லிய சாம்பல் நிறமாகத் தெரியும் என்பது கணக்கு. ஆனால் அந்த அரங்கத்தைப் படத்தில் முழுமையாகக் காண முடியாது. பெரும்பாலும் முகங்களே திரையை நிரப்புகின்றன. பணம் போட்டவர்களுக்கு இது வியப்பை அளித்தது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு கேள்வி வருகிறது. கர்த்தர் கற்பித்த செபம் உனக்குத் தெரியுமா, அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். தன் தாய் என்று ஜோன் பதில் சொல்கிறாள். அந்த இடத்தில் அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. மிரட்டலுக்கு அவள் அழவில்லை. மரணத்தின் பெயரும் இன்னும் சொல்லப்படவில்லை. தாயின் நினைவு ஒரு கணம் வந்து போகிறது. அழக்கூடாத இடத்தில், பகைவர்கள் சூழ்ந்த அவையில், அதை மறைக்க முயலும் ஒரு பெண்ணிடமிருந்து தப்பி வந்த துளியாக அது தெரிகிறது.

இந்தப் படத்தில் சுமார் 1,500 ஷாட்டுகள் உள்ளன. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சில நொடிகளே. நீதிபதிகளின் முகங்கள் விரைவாக வந்து மறைகின்றன; அவர்களுடைய வாய்கள் ஓயாமல் பேசுகின்றன. ஜோனின் முகமோ மெதுவாகத் திரும்புகிறது, மெதுவாக நிமிர்கிறது. சுற்றிலும் விரைவு இருப்பதால் அவள் முகம் நிற்கும் சில நொடிகளும் நீண்டவையாகத் தோன்றுகின்றன. ஒரு காட்சி நீளமானதா குறுகியதா என்பதைக் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் வருபவையும் தீர்மானிக்கின்றன.

அந்த அழுகை எப்படி வந்தது

ஃபால்கொனெட்டியிடமிருந்து அந்தக் கண்ணீரைப் பெற டிரையர் அவரைக் கொடுமைப்படுத்தினார் என்ற கதை வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கல்தரையில் மண்டியிட வைத்து, வலியை முகத்தில் காட்டக்கூடாது என்று ஆணையிட்டார் என்பது அதில் ஒன்று. இவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிற்காலப் புனைவு என்பது பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் கடைப்பிடித்த வேலைமுறை நன்கு அறியப்பட்டதே. அதில் நான்கு படிகள் இருந்தன.

முதலாவதாக, படத்தைக் கதை நிகழும் வரிசையிலேயே எடுத்தார். பொதுவாக ஓர் இடத்தில் நடக்கும் காட்சிகளை எல்லாம் சேர்த்து எடுத்துவிடுவது சிக்கனம். அப்படிச் செய்தால் நடிகர் காலையில் மரணக் காட்சியிலும் மாலையில் முதல் விசாரணையிலும் நடிக்க நேரும். வரிசைப்படி எடுத்ததால் விசாரணையின் களைப்பு நடிகையின் உடம்பிலும் நாளுக்கு நாள் சேர்ந்தது. படத்தின் இறுதிப் பகுதியில் ஜோனின் தலைமுடி மழிக்கப்படும்போது ஃபால்கொனெட்டியின் சொந்த முடியே மழிக்கப்பட்டது. அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

இரண்டாவதாக, முக்கியமான அண்மைக் காட்சிகளின்போது அரங்கத்தில் தேவையற்றவர்கள் இல்லாமல் பார்த்துக்கொண்டார்; அமைதியைக் கட்டாயமாக்கினார். மௌனப் படம் ஆதலால் படப்பிடிப்பில் சத்தம் இருந்தாலும் கெடுதல் இல்லை. அன்றைய அரங்குகள் பெரும்பாலும் இரைச்சலாகவே இருந்தன. அமைதி தேவைப்பட்டது ஒலிப்பதிவுக்காக அன்று, முகத்துக்காக.

மூன்றாவதாக, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். நான்காவதாக, எடுத்த சுருள்களை ஃபால்கொனெட்டியுடன் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். நீண்ட ஒரு டேக்கில் எங்கோ ஓரிடத்தில் சில நொடிகள் சரியாக அமைந்திருக்கும். அந்த இடத்தை இருவரும் கண்டுபிடிப்பார்கள். மறுநாள் அதிலிருந்து தொடங்குவார்கள், மற்றதை விட்டுவிடுவார்கள். இங்கே இயக்குநர், அழு என்று சொல்லவில்லை. முந்தைய நாள் தானாக வந்த ஒன்றை நடிகைக்கே காட்டி, அதை அவர் அறிந்துகொள்ளச் செய்தார்.

பலமுறை எடுத்தார் என்பதற்கு எதிர்பாராத ஒரு சான்று கிடைத்தது. படம் 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லின் கிடங்கில் ஏற்பட்ட தீயில் மூல நெகட்டிவ் அழிந்தது. டிரையர் மனம் தளராமல், பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்த டேக்குகளைக் கொண்டு ஏறத்தாழ அதே படத்தை மறுபடியும் தொகுத்தார். ஷாட்டுக்கு ஷாட் மாற்று இருந்ததால்தான் இது முடிந்தது. பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தது இந்த இரண்டாம் தொகுப்பின் வழிவந்த படிகளையே. 1981-இல் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே உள்ள ஒரு மனநல மருத்துவமனையில், பழைய பொருள்கள் வைக்கும் அறையில், முதல் தொகுப்பின் டேனிஷ் படி ஒன்று கிடைத்தது. அப்போதுதான் டிரையர் முதலில் தேர்ந்தெடுத்த முகத்தை மக்கள் மறுபடியும் கண்டார்கள்.

ஃபால்கொனெட்டி இதற்குப் பிறகு திரைப்படத்தில் பெரிய பாத்திரம் எதிலும் நடிக்கவில்லை. 1946-இல் புவெனஸ் அயர்சில் இறந்தார். பிரெஞ்சு இயக்குநர் ழான்-லூக் கொதார் 1962-இல் எடுத்த படமொன்றில், நானா என்ற இளம்பெண் தனியாகத் திரையரங்கில் அமர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கிறாள். ஜோனுக்கு மரணம் அறிவிக்கப்படும் காட்சி ஓடுகிறது. திரையில் ஃபால்கொனெட்டியின் முகம்; இருட்டில் நானாவாக நடித்த அன்னா கரினாவின் முகம். நானாவும் அசையாமல் அழுகிறாள். 34 ஆண்டுகள் கழித்து ஒரு துளி இன்னொரு துளியை வரவழைத்ததாக அந்தக் காட்சி அமைந்திருக்கிறது.

கிளிசரின் துளி

தமிழ்த் திரைப்பட ரசிகர்களுக்கு கிளிசரின் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொய்க் கண்ணீர் என்பதற்கே அது பெயராகிவிட்டது. நிறமற்ற, இனிப்புச் சுவையுள்ள, தண்ணீரைவிடக் கெட்டியான திரவம் அது. படப்பிடிப்பு விளக்கின் வெப்பத்தில் தண்ணீர்ச் சொட்டு விரைவில் உலர்ந்துவிடும் அல்லது சட்டென்று ஓடிவிடும். கிளிசரின் துளி உலராது, உருண்டையாக நிற்கும், மெதுவாக இறங்கும், விளக்கொளியை நன்கு காட்டும். எத்தனை டேக் எடுத்தாலும் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். இவையே அதன் வசதிகள்.

அதைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. உண்மையான கண்ணீர் வருவதற்கு முன் கண் நனைகிறது. கீழ் இமையின் விளிம்பு பளபளக்கிறது. பிறகே துளி திரள்கிறது. கன்னத்தில் வைத்த கிளிசரின் துளிக்கு இந்த முன்கதை கிடையாது. கண் வறண்டிருக்கும், துளி மட்டும் இறங்கும். காட்சியைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் காட்டினால் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும். ஆகவே துளி ஏற்கெனவே கண்ணோரத்தில் இருக்கும் நிலையில் காட்சியைத் தொடங்குவது வழக்கம். மென்தால் ஆவியைக் கண்ணருகே காட்டி உண்மையான நீரையே வரவழைப்பது மற்றொரு வழி. அதில் இரண்டு கண்களும் ஒருசேரக் கலங்கும். எரிச்சலால் இமைப்பும் சிவப்பும் கூடும். ஒற்றைத் துளி அமைவது கடினம்.

உலகில் மிகப் பலர் பார்த்த கிளிசரின் துளிகளில் ஒன்று 1971-இல் வந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டின் புவி நாளையொட்டி, 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட அமைப்பு ஒரு விளம்பரத்தை வெளியிட்டது. செவ்விந்தியர் உடையில் ஒருவர் ஆற்றில் சிறு படகை வலித்து வருகிறார். நீரில் குப்பை மிதக்கிறது; கரையில் ஆலைகள் புகைகின்றன. கரையேறி நெடுஞ்சாலையோரம் நிற்கும் அவர் காலடியில், ஓடும் காரிலிருந்து ஒருவர் குப்பைப் பொட்டலத்தை வீசுகிறார். அவர் எதுவும் பேசவில்லை. முகத்தைத் திருப்புகிறார். கருவி முகத்தை நெருங்குகிறது. கண்ணிலிருந்து ஒரு துளி இறங்குகிறது. மாசை உண்டாக்குவது மக்கள், அதை நிறுத்தக்கூடியவர்களும் மக்களே என்ற கருத்துடன் விளம்பரம் முடிகிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் குறை காண்பது கடினம். முகம் அசையவில்லை, துளி ஒன்றே ஒன்று, இசையையும் அறிவிப்பாளரின் குரலையும் மீறி அந்தத் துளியே நினைவில் நிற்கிறது. ஆனால் அதன் பின்னணியில் மூன்று பொய்கள் இருந்தன. துளி கிளிசரின். ஐயன் ஐஸ் கோடி என்ற பெயரில் அறியப்பட்ட அந்த நடிகர் செவ்விந்தியர் அல்லர். லூசியானா மாநிலத்தில், இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1904-இல் பிறந்தவர். இயற்பெயர் எஸ்பெரா டி கோர்ட்டி. இது 1996-இல் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்றில் வெளியானது. அவர் அதை மறுத்தார், 1999-இல் இறந்தார்.

மூன்றாவது பொய் இவற்றைவிடப் பெரியது. விளம்பரத்தை வெளியிட்ட அமைப்பை 1953-இல் தொடங்கியவர்களில் டப்பா, புட்டி தயாரிக்கும் நிறுவனங்களும் பான நிறுவனங்களும் முன்னணியில் இருந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கொள்கலன்கள் பெருகிய காலம் அது. 1971-இல் ஆரிகன் மாநிலம், காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் முன்பணத்தைத் திரும்பப் பெறும் சட்டத்தை அமெரிக்காவில் முதன்முதலாக இயற்றியது. கொள்கலன் தொழில்துறை இத்தகைய சட்டங்களை எதிர்த்தது. அதே ஆண்டில்தான் இந்தத் துளி, குற்றத்தைக் காரிலிருந்து குப்பை வீசும் தனிமனிதர் மேல் வைத்தது. தன் நிலத்தை இழந்த ஒரு மக்களின் துயரத்தைக் கடன் வாங்கி, அதை வேறொரு கணக்கில் எழுதியது. 2023-இல் அந்த விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பழங்குடியினர் தேசியப் பேரவையின் நிதியத்துக்கு மாற்றப்பட்டது. அதை இனி வரலாற்றுத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று பேரவை தரப்பு முடிவு செய்தது.

அழுபவர் உரக்க அழுதால் பார்ப்பவர் ஏன் அழுகிறார் என்று கேட்பார். ஒற்றைத் துளி அந்தக் கேள்வியை எழவிடுவதில்லை. மறைக்கப் பார்க்கிறார், ஆகவே இது உண்மை என்று பார்ப்பவர் தாமே முடிவுகட்டிவிடுகிறார். இந்த முறையின் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

திட்டத்தில் இல்லாத துளி

மூன்றாவது முகம் 1990-இல் வந்தது. பிரின்ஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 1980-களில் எழுதிய காதல் பிரிவுப் பாடல் ஒன்றை அயர்லாந்துப் பாடகி சினேட் ஓகானர் பாடினார். அதற்கான ஒளிப்படத்தை ஜான் மேபரி இயக்கினார். பாரிசுக்கு அருகே ஒரு பூங்காவில் பாடகி நடந்து செல்லும் காட்சிகளும், கறுப்புப் பின்னணியில் கறுப்பு உடையுடன் அவர் முகம் மட்டும் தெரியும் காட்சியும் எடுக்கப்பட்டன. முகக் காட்சி படத்தின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது முதல் எண்ணம்.

பாடலின் பிற்பகுதியில், தாய் வீட்டுக் கொல்லையில் வைத்த பூச்செடிகள் வாடியதைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதைப் பாடும்போது ஓகானரின் கண்கள் நிறைந்தன. ஒரு கன்னத்தில் துளி இறங்கியது. சற்று நேரத்தில் மற்றொரு கன்னத்திலும் இறங்கியது. அவருடைய தாய் 1985-இல் கார் விபத்தில் இறந்திருந்தார். சிறுவயதில் தாயிடம் மிகுந்த துன்பம் அனுபவித்ததாக ஓகானர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடல் காதலனைப் பற்றியது; அவர் நினைத்தது தாயை. கண்ணீர் வரும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் அவர் கூறினார்.

மேபரி அந்தக் காட்சியை மீண்டும் எடுக்கவில்லை; துளியை வெட்டவும் இல்லை. முழு ஒளிப்படத்தையும் அந்த முகத்தைச் சுற்றித் தொகுத்தார். ஓகானர் கண்ணீரைத் துடைக்கவில்லை, பாடுவதையும் நிறுத்தவில்லை. பாடுவதற்கு மூச்சு சீராக இருக்க வேண்டும். விம்மினால் உதடசைவு பாடலிலிருந்து பிசகிவிடும். வரியைத் தொடர வேண்டும் என்ற கட்டாயமே அழுகையை அடக்கியது. டிரையர் பல மாதங்கள் உழைத்து உண்டாக்கிய நிலையை இங்கே பாடலின் தாளம் தானாக உண்டாக்கிவிட்டது.

துளிக்கு முன்னும் பின்னும்

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது செயல்முறை சார்ந்த சில உண்மைகள் தெளிவாகின்றன. முகத்துக்குத் துளியைத் தவிர வேறொரு வேலை இருக்க வேண்டும். ஜோனுக்கு நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. ஓகானருக்குப் பாடும் வேலை. அழுவதே வேலையாகக் கொடுக்கப்பட்ட நடிகர் அழுகையைத் தேடுகிறார். தேடும்போது புருவம் சுருங்குகிறது. அதைக் கருவி 25 மடங்கு பெரிதாக்கிவிடுகிறது.

ஒளி ஒரு பக்கத்திலிருந்தோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். நேர் முன்னாலிருந்து தட்டையாக விழும் ஒளியில் கன்னமும் துளியும் ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடும். பக்க ஒளியில் துளிக்கு ஒரு மின்னும் புள்ளியும் ஒரு சிறு நிழலும் கிடைக்கின்றன. அந்த மின்னும் புள்ளி நகர்வதைத்தான் கண் பின்தொடர்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது வெட்டாமல் காத்திருப்பதாகும். கீழ் இமையில் நீர் தேங்கத் தொடங்கும்போதே கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துளி தாடையை அடையும்வரையும், அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரமும் காட்சி நீடிக்க வேண்டும். துளி இறங்கியவுடன் வெட்டிவிட்டால், அது காட்டுவதற்காக வைத்த துளி என்று பார்ப்பவர் உணர்ந்துவிடுவார். அதன்பின் அந்த முகம் என்ன செய்கிறது என்பதில்தான் அடக்கம் நிறைவு பெறுகிறது. தாய் என்று பதில் சொன்ன ஜோன் அழுதுகொண்டே நிற்கவில்லை. அடுத்த கேள்வி வருகிறது. அவள் மறுபடியும் நீதிபதியைப் பார்க்கிறாள்.